மஞ்சள் கடுதாசியா, பேசித் தீர்ப்பதா? சொத்தைவிடக் கடன் நாலு மடங்கு ஆனவருக்கு

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆனி மாதம். அம்பாசமுத்திரம் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், பாளையங்கோட்டையில் நான் குமாஸ்தாவாக இருக்கும் வக்கீல் ஆபீசுக்கு வந்தார். கையில் மகளின் பழைய பள்ளிக்கூட நோட்டு. பின்பக்கத்திலிருந்து திருப்பி எழுதியிருந்தார். யார் யாருக்கு எவ்வளவு என்று நாலு பக்கம்.

"தம்பி, எனக்கு ஒரு மஞ்சக் கடுதாசி போட்டுக் குடுத்துருங்க. நாளையில இருந்து ஒருத்தரும் வாசல்ல வந்து நிக்கக்கூடாது" என்றார்.

இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கோரிக்கையைக் கேட்டு வருகிறேன். கடனைக் கட்ட முடியவில்லை என்று கோர்ட்டில் போடும் நொடிப்பு மனுவைத்தான் மஞ்சக் கடுதாசி என்றும் ஐ.பி. என்றும் சொல்வது. திருநெல்வேலிச் சீமையில் ஐ.பி. கொடுப்பது என்றால் கடனை அழித்துவிடும் ஒரு காகிதம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அண்ணாச்சிக்கு அன்று என்ன சொன்னோம், மூன்று வழிகளை எப்படி எடை போட்டோம், எந்த வழியில் போனால் பிறகு கடன் வாங்கும் தகுதி என்ன ஆகும் என்பதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கணக்கின் அளவு மாறவில்லை.

நோட்டில் இருந்தது

தேசிய வங்கி ஒன்றில் தொழில் கடன் 6 லட்சம், ஈடு எதுவும் இல்லை. தனியார் வங்கியில் தனிநபர் கடன் நாலரை லட்சம். கிரெடிட் கார்டில் ஒன்றரை லட்சம். மூன்று பேருக்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்தது 9 லட்சம். எடுத்த சீட்டுக்குக் கட்ட வேண்டிய பாக்கி 2 லட்சம், அதற்கு மச்சினன் ஜாமீன். சரக்கு கொடுத்த மொத்த வியாபாரிக்கு 3 லட்சம், அதற்குத் தேதி போட்ட செக்குகள் அவர் கையில். ஆக 26 லட்சம்.

சொத்து என்று பார்த்தால், கடையில் இருந்த பாத்திரம் விலைக்குப் போனால் ஒன்றரை லட்சம். பைக் 25 ஆயிரம். ஊரில் கொடுத்த கடன் பாக்கியில் தேறுவது 75 ஆயிரம். அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் பொதுவான பூர்வீக வீட்டில் இவர் பங்கு 4 லட்சம் பெறும். மொத்தம் ஆறரை லட்சம். ஒரு ரூபாய்க் கடனுக்கு 25 காசு. இந்த 25 காசை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சட்டத்தில் இதற்கு ஓர் இடம் இருக்கிறது.

மனைவியின் நகை அடகில் இருந்தது. அது அந்த அம்மாவின் சொத்து, அடகுக் கடனும் நகையும் அதற்குள்ளேயே முடிந்துவிடும். அதனால் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதல் வழி: ஐ.பி.

இப்போது செல்போனில் தேடினால் 2016ஆம் ஆண்டின் புதிய திவால் சட்டம்தான் முதலில் வரும். ஏழைக் கடனாளிக்குப் புதுத் தொடக்கம், 180 நாள் அவகாசம் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். அதை நம்பி வருகிறவர்கள் உண்டு. தனிநபருக்கான அந்தப் பகுதி, கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அவர்களுடைய வழக்கு சென்னையில் உள்ள கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும். கடைக்காரர், விவசாயி, சம்பளக்காரர் போன்ற மற்ற எல்லோருக்கும் நம் பக்கத்தில் இன்னமும் 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம்தான். நூறு வருஷம் தாண்டிய சட்டம். சப்-கோர்ட்டில் மனுப் போட வேண்டும்.

மனுவில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கடன் கொடுத்த கடன்காரர் ஒவ்வொருவரின் பெயர், விலாசம், தொகை. சொத்து ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது, என்ன மதிப்பு. எல்லாவற்றையும் கோர்ட்டிடம் ஒப்படைக்கச் சம்மதம் என்ற உறுதி. கடன் 500 ரூபாயோ அதற்கு மேலோ இருந்து, கட்ட முடியாத நிலை இருந்தால் போதும், மனுப் போடலாம். நோட்டீஸ் கடன்காரர் எல்லோருக்கும் போகும். அவர்கள் வந்து எதிர்ப்பார்கள். "சொத்தை மறைச்சுட்டான், பொண்டாட்டி பேருக்கு மாத்திட்டான்" என்பதுதான் வழக்கமான எதிர்ப்பு.

கோர்ட் ஒப்புக்கொண்டு நொடித்தவர் என்று உத்தரவு போட்டதும், சொத்தை விற்றுப் பங்கு வைக்கக் கோர்ட் நியமிக்கும் ரிசீவர் கைக்கு அது போகிறது. அதற்குப் பிறகு ஈடில்லாத கடன்காரர் யாரும் கோர்ட்டின் அனுமதி இல்லாமல் தனியாக வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. கைது வராமல் இருக்கப் பாதுகாப்பு உத்தரவும் தனியாகக் கேட்டு வாங்கலாம். அண்ணாச்சி கேட்ட நிம்மதி இதுதான். அது கிடைக்கும், பொய்யில்லை. புரோநோட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு கடிவாளமும் உண்டு. ரிசீவர் பணத்தைப் பங்கு வைக்கும்போது வட்டியை வருஷத்துக்கு நூற்றுக்கு 6க்கு மேல் கணக்கில் எடுக்க மாட்டார். மேல்வட்டிக்காரன் தன் மீதி வட்டியைக் கேட்க வேண்டுமானால், மற்ற எல்லோருக்கும் முழுக்கக் கொடுத்து மிச்சம் இருந்தால்தான் கேட்கலாம்.

ஆனால் எது நிற்காது என்பதையும் அன்றே சொன்னோம். ஈடு வாங்கிய வங்கி தன் ஈட்டை விற்பதை ஐ.பி. தடுக்காது. செக் திரும்பினால் வரும் கிரிமினல் வழக்கையும் தடுக்காது. அண்ணாச்சிக்கு இருந்த உண்மையான ஆபத்து மொத்த வியாபாரி கையில் இருந்த செக்குகள்தான், வாசலில் சத்தம் போட்ட புரோநோட்டுக்காரர் அல்ல. வாசலில் நிற்கிறவரைப் பார்த்துத்தான் பயம் வருகிறது, பீரோவில் கிடக்கிற செக்கை யாரும் நினைப்பதில்லை.

இன்னொன்று ஜாமீன். அண்ணாச்சி கடைசியில் கோர்ட்டில் கடனிலிருந்து விடுதலை பெற்றாலும் ஜாமீன் போட்டவர் விடுபடுவதில்லை என்று சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. சீட்டுப் பாக்கிக்கு மச்சினன் சம்பளத்தில் கை வைப்பார்கள். இதைச் சொன்னபோது அண்ணாச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அவன் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டவன்" என்றார்.

உத்தரவோடு முடிவதில்லை

ஐ.பி.யில் அதிகம் பேர் தவறுகிற இடம் இது. நொடித்தவர் என்ற உத்தரவில், இத்தனை காலத்துக்குள் விடுவிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று கோர்ட் ஒரு கெடு வைக்கும். அந்த இரண்டாவது மனுவைப் போட்டு உத்தரவு வாங்கினால்தான் கடன் தீர்ந்தது. முதல் உத்தரவு கடனை நிறுத்தித்தான் வைக்கிறது, அழிப்பதில்லை.

முக்கூடல் பக்கம் ஒருவர். உத்தரவு வந்த அன்று கோயிலுக்குப் போய் மொட்டை போட்டு வந்தார். வக்கீல் வரச் சொல்லிக் கடிதம் எழுதியும் அதற்குப் பிறகு ஆபீஸ் பக்கம் வரவில்லை. கெடு தாண்டியது. விடுவிப்புக்கு மனு இல்லையென்று கோர்ட் பழைய உத்தரவையே ரத்து செய்தது. கடன்காரர்கள் எல்லோரும் விட்ட இடத்திலிருந்து, பணத்தைக் கட்டு என்ற கோர்ட் டிகிரியோடு வந்தார்கள். இப்படி ரத்தானவர் மறுபடி ஐ.பி. போட வேண்டுமென்றால் கோர்ட்டின் தனி அனுமதி வேண்டும். அவருக்குக் கிடைக்கவில்லை.

விடுவிப்பு மனுவிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. சொத்து, ஈடில்லாத கடனில் ரூபாய்க்கு 50 காசுக்குக் குறைவாக இருந்தால், அது தன் தவறால் வந்ததல்ல என்று கோர்ட்டை நம்ப வைக்காதவரை நிபந்தனையில்லாத விடுவிப்பு கிடையாது. அண்ணாச்சியின் 25 காசு இங்கேதான் வந்து நிற்கிறது. கடை ஏன் சரிந்தது என்று காட்டக் கணக்கு வேண்டும். முந்தைய மூன்று வருஷத்துக்குச் சரியான கணக்குப் புத்தகம் வைக்கவில்லையென்றால் அதுவே தனியாக ஒரு தடை. கட்ட முடியாது என்று தெரிந்த பிறகும் வியாபாரத்தைத் தொடர்ந்திருந்தால் அது இன்னொரு தடை. அண்ணாச்சியிடம் சிட்டை இருந்தது, பேரேடு இல்லை. கடைசி எட்டு மாதம் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கியிருந்தார். இந்த நிலையில் கோர்ட் விடுவிப்பைத் தள்ளிவைக்கலாம், அல்லது இனிவரும் வருமானத்திலிருந்து இத்தனை கட்டு என்று நிபந்தனை போடலாம்.

விடுவிப்புக்கு முன் புதிதாக வந்து சேரும் சொத்தும் ரிசீவருக்கே போகும். அண்ணாச்சியின் தாயார் பெயரில் ஒரு வயல் இருந்தது. அந்தக் காலத்துக்குள் அம்மா தவறியிருந்தால் அவர் பங்கு கடன்காரருக்குத்தான்.

கடன் வாங்குவதைப் பற்றி இந்தப் பழைய சட்டம் சொல்வது கடுமையானது. விடுவிப்புப் பெறாதவர், தான் நொடித்தவர் என்று சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடனாக வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை. 1920இன் ஐம்பது ரூபாயை யாரும் மாற்றவில்லை. தவணையில் செல்போன் வாங்குவதும் இதில் வரும். வங்கியில் புதுக் கடன் என்ற பேச்சே அந்தக் காலம் முழுக்கக் கிடையாது. உள்ளாட்சித் தேர்தலிலோ சட்டமன்றத் தேர்தலிலோ நிற்க முடியாது, கம்பெனி டைரக்டராகவும் இருக்க முடியாது.

இரண்டாவது வழி: பேசித் தீர்ப்பது

வங்கியில் இதை ஓ.டி.எஸ். என்பார்கள், ஒரே தடவையில் குறைத்துக் கட்டி முடிப்பது. தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. வாராக்கடனாக ஒரு வருஷம் போனால் வங்கி அதைச் சந்தேகக் கடனாக வைத்து, தன் லாபத்திலிருந்து கூடுதலாக ஒதுக்க வேண்டிவரும். அதற்குப் பிறகுதான் பேச்சில் இறக்கம் தெரியும். முதல் மாதமே மேனேஜர் முன்னால் போய் "பாதிக்கு முடிச்சுக்கிடுங்க சார்" என்றால் அவருக்கு அந்த அதிகாரமே இருக்காது.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம். வங்கிக்குப் போகும்போது வாயால் கேட்பதில்லை. சொத்துக் கணக்கு, கடன் பட்டியல், ஐ.பி. போட்டால் ரிசீவர் கையால் உங்களுக்கு என்ன வரும் என்ற கணக்கு, மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். அண்ணாச்சிக்காக எழுதியது இதுதான். பொது வீட்டின் பிரியாத பங்கை ஏலத்தில் விட்டால் வெளியாள் யாரும் 4 லட்சத்துக்கு எடுக்கமாட்டான், இரண்டரை கிடைத்தால் பெரிது. ஆக ஐந்து லட்சம். செலவு 50 ஆயிரம் போனால் நாலரை. 26 லட்சத்துக்குப் பிரித்தால் ரூபாய்க்கு 17 காசு. 6 லட்சம் கொடுத்த வங்கிக்கு வருஷக்கணக்கில் காத்திருந்து கிடைப்பது 1 லட்சத்து 4 ஆயிரம்தான். அதே பங்கைச் சொந்த அண்ணன் 4 லட்சத்துக்கு எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். தாளின் கீழே அதையும் எழுதி, இப்போதே இரண்டே கால் லட்சம் என்று போட்டோம்.

மேனேஜர் தாளை இரண்டு தடவை படித்தார். "இதை மண்டல ஆபீசுக்கு அனுப்புறேன்" என்றார். ஏழு மாதம் ஆனது. இரண்டரைக்கு ஒப்புக்கொண்டார்கள்.

தனியார் வங்கி கடனையும் கார்டையும் சேர்த்து 6 லட்சத்துக்கு 1 லட்சத்து 90 ஆயிரம் கேட்டது. போனில் வசூல் ஏஜெண்ட் சொன்ன தொகையை நம்பாமல், வங்கியின் பெயர் அச்சிட்ட தாளில் கடிதம் வாங்கிய பிறகுதான் கட்டச் சொன்னோம். கடிதத்தில் கணக்கு எண், தொகை, கடைசித் தேதி, இதோடு பாக்கி முழுவதும் தீர்ந்தது என்ற வரி, நான்கும் இருக்க வேண்டும். கடைசி வரி இல்லாத கடிதத்துக்குப் பணம் கட்டி, மூன்றாம் வருஷம் வேறொரு வசூல் கம்பெனியிடமிருந்து நோட்டீஸ் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மொத்த வியாபாரியிடம் நேரில் போனோம். 3 லட்சத்துக்கு ஒன்றரை, ஆறு தவணை. தவணை முடிய முடியச் செக்குகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கினோம்.

கூட்டிப் பாருங்கள். இரண்டரை, 1.9, 1.5, மூன்றும் சேர்ந்து 5 லட்சத்து 90 ஆயிரம். மிச்சம் 60 ஆயிரத்தைச் சீட்டுப் பாக்கிக்குக் கட்டி, மீதியை மாதத் தவணையாக்கினோம். மச்சினன் வீட்டுக்கு நோட்டீஸ் போகவில்லை. புரோநோட்டுக்காரர்களுக்கு மட்டும் கையில் ஒன்றும் இல்லை.

ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு

இந்த இடத்தில்தான் ஒரு வழியிலிருந்து இன்னொரு வழிக்குத் தாவ முடியாமல் ஆகும். கட்ட முடியாத நிலையில் ஒருவருக்கு மட்டும் சாதகம் செய்யும் எண்ணத்தோடு கொடுத்து, மூன்று மாதத்துக்குள் ஐ.பி. மனு வந்தால், அந்தப் பணத்தை ரிசீவர் திரும்ப வாங்கலாம். மனுவைக் கடனாளிதான் போட வேண்டும் என்பதில்லை, விடுபட்ட கடன்காரரும் போடலாம். அதேபோல வீட்டையோ வயலையோ பிள்ளைகள் பேருக்குத் தானமாக எழுதி, இரண்டு வருஷத்துக்குள் வந்த மனுவில் நொடித்தவர் ஆனால், அந்தப் பத்திரத்தை ரிசீவர் ரத்து செய்ய வைக்கலாம். நல்ல விலைக்கு, நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு இந்தப் பயம் இல்லை. அண்ணன் பங்கை எடுத்தபோது 4 லட்சத்தையும் வங்கிக் கணக்கு வழியாகவே கொடுக்க வைத்தோம், பத்திரத்தில் முழுத் தொகையும் ஏறியது.

அதனால் இந்த ஒப்பீட்டை எதையும் விற்பதற்கும் யாருக்கும் கொடுப்பதற்கும் முன்னால் செய்ய வேண்டும். பலர் சொத்தை மாற்றி எழுதிவிட்டு, அதற்குப் பிறகு ஐ.பி. கேட்டு வருகிறார்கள். அப்போது அந்த வழி பாதி அடைபட்டிருக்கும்.

புரோநோட்டுக்காரர் மூன்று பேரையும் வட்டச் சட்டப்பணிகள் குழுவுக்கு மனுப் போட்டு, லோக் அதாலத்தில் உட்கார வைத்தோம். 9 லட்சம் என்று எழுதியிருந்ததில் கைக்கு வந்தது 6 லட்சம்தான். மீதி வட்டிக்காக ஏற்றி எழுதிய புது நோட்டு. ஒருவர் தண்டல் வட்டிக்காரர். 2003இன் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் மூன்று வருஷம் வரை சிறையும் 30 ஆயிரம் வரை அபராதமும் உண்டு என்பது அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். 2017இல் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக்கு ஒரு குடும்பமே பலியான பிறகு, இந்த ஊரில் அந்தச் சட்டத்தின் பெயரை யாரும் லேசாக எடுப்பதில்லை. நாங்களும் மிரட்டலாகச் சொல்லவில்லை, அசல் எவ்வளவு என்ற கேள்வியை மட்டும் நடுவர்கள் முன்னால் வைத்தோம். அசல் 6 லட்சத்துக்கு மாதம் 10 ஆயிரம், 60 மாதம் என்று முடிந்தது. அதாலத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது, டிகிரிக்குச் சமம். தவறினால் நேராக நிறைவேற்று மனுதான். அதனால் கட்டக்கூடிய தொகைக்கு மட்டும் தலையாட்ட வேண்டும். அண்ணாச்சி இப்போது இன்னொருவர் கடையில் 22 ஆயிரம் சம்பளத்துக்கு இருக்கிறார். அதில் 10 ஆயிரம் என்பது எனக்கு அன்றும் கூடுதலாகத்தான் பட்டது. மனைவி அப்பளம் போட்டுக் கொடுக்கும் வருமானத்தால்தான் இழுத்துக்கொண்டு போகிறது.

மூன்றாவது வழி: பேசாமல் இருப்பது

புரோநோட்டுக்கு மூன்று வருஷம்தானே காலாவதி, அதுவரை கண்ணில் படாமல் இருந்துவிடலாம் என்று சொல்லிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். சொத்து எதுவுமே இல்லாதவருக்கு, ஜாமீன்தாரரும் செக்கும் இல்லாதவருக்கு, இது முழுத் தப்பு என்று சொல்லமாட்டேன். மனைவியின் சொந்தச் சொத்தைத் தொட முடியாது, சம்பளத்தில் முதல் ஆயிரமும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் ஜப்திக்கு வராது. வசதி இருந்தும் கொடுக்காமல் ஏமாற்றுகிறவரைத்தான் சிவில் சிறையில் வைக்க முடியும், இல்லாமையால் கொடுக்காதவரை அல்ல என்று 1980இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெண்களைப் பணக் கடன் டிகிரிக்காகக் கைது செய்யவே முடியாது.

ஆனால் மூன்று வருஷம் முடிவதற்கு நாலு நாள் முன்னால் வழக்குப் போட்டுவிடுவார்கள். போட்டபின் வரும் டிகிரியைப் பன்னிரண்டு வருஷம் வரை நிறைவேற்றலாம். அந்த மூன்று வருஷத்துக்குள் 500 ரூபாய் வரவு வைத்துக் கையெழுத்துப் போட்டாலும் காலக்கெடு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். அண்ணாச்சிக்குச் செக்கும் ஜாமீனும் வீட்டுப் பங்கும் இருந்ததால் இந்த வழியை அன்று ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேசவில்லை.

பிறகு கடன் கிடைக்குமா

அண்ணாச்சி அன்று கேட்காத கேள்வி இது. அன்றைக்கு யாரும் கேட்பதில்லை. மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோதுதான் கேட்டார்.

பேசித் தீர்த்த கடன், ஒருவரின் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று ஏறும். முழுக்கக் கட்டி முடித்தது 'குளோஸ்டு' என்று இருக்கும். இந்த ஒரு சொல்தான் வித்தியாசம். 'செட்டில்டு' என்பதைப் பார்க்கும் வங்கி, இவர் கொடுத்ததைவிடக் குறைவாகத் திருப்பியவர் என்றுதான் படிக்கும். 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, சமரசம் செய்துகொண்ட வங்கி அவருக்குக் குறைந்தது 12 மாதம் புதுக் கடன் கொடுக்கக்கூடாது. விவசாயக் கடனுக்கு இந்த 12 மாதக் கணக்கு இல்லை, வங்கியின் சொந்தக் கொள்கைப்படி. அது குறைந்தபட்சம்தான். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் பழைய விவரத்தைக் குறைந்தது ஏழு வருஷம் வைத்திருக்கும் என்பதால் நிழல் அதுவரை நீளும்.

ஒன்றும் செய்யாமல் விட்டவருக்கு அதே அறிக்கையில் 'ரிட்டன் ஆஃப்', அதாவது தள்ளுபடி என்று வரும், வழக்கு இருந்தால் அதுவும் வரும், பாக்கித் தொகையும் எதிரில் நிற்கும். 'செட்டில்டு' கணக்கில் பாக்கி பூஜ்யம். அடுத்துக் கடன் கொடுக்க வருகிறவருக்கு இந்தப் பூஜ்யம் பெரிய விஷயம். ஐ.பி. போனவருக்கும் வங்கிக் கணக்குகள் தள்ளுபடியாகவே நிற்கும். அதோடு விடுவிப்பு வரும்வரை சொல்லாமல் கடன் வாங்கினாலே குற்றம். எனவே எதிர்காலக் கடன் என்ற ஒரே அளவுகோலில் வைத்தால் பேசித் தீர்ப்பது முதலிலும், விடுவிப்பு வரை விடாமல் போன ஐ.பி. அடுத்தும், பாதியில் விட்ட ஐ.பி. கடைசியிலும் வரும். பாதியில் விட்டவருக்குப் பேசாமல் இருந்தவரைவிடக் கேடு.

ஆனால் எல்லோருக்கும் எதிர்காலக் கடன் முக்கியம் இல்லை. அறுபது வயது தாண்டி, சொத்து எதுவும் இல்லாமல், ஜாமீன் யாரையும் மாட்டாமல், புரோநோட்டு டிகிரிகள் மட்டும் ஏழெட்டு இருக்கிற ஒருவர் வந்தால் ஐ.பி. போடுங்கள் என்றே நான் சொல்வேன். அவருக்கு வேண்டியது ராத்தூக்கம், லோன் அல்ல. கணக்குப் புத்தகம் சரியாக வைத்திருந்து, வெள்ளத்திலோ நோயிலோ வியாபாரம் போனது என்று காட்ட முடிந்தவருக்கும் அது நல்ல வழி. ஐ.பி. போட்ட பிறகும் கோர்ட்டுக்குள்ளேயே சமரசத் திட்டம் கொடுக்கலாம். கடனை நிரூபித்து ஆஜரானவர்களில் எண்ணிக்கையில் பாதிக்கு மேலும், தொகையில் முக்கால் பங்கும் ஒத்துக்கொண்டு கோர்ட் ஏற்றால், மறுக்கிற ஒன்றிரண்டு பேரையும் அது கட்டும். வெளியே பேசும்போது ஒருவர் முரண்டு பிடித்தால் எல்லாம் நிற்கும். அங்கே அப்படி நிற்காது.

அண்ணாச்சியின் மகள் விஷயத்துக்கு வருகிறேன். கல்விக் கடனுக்குத் தகப்பனாரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அறிக்கையில் மூன்று 'செட்டில்டு'. மேனேஜர் மரியாதையாக மறுத்தார். அந்த நேரம் அறிக்கையை நாங்களும் இறக்கிப் பார்த்தோம். வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு தகவல் நிறுவனத்திடமும் முழு அறிக்கையை இலவசமாக வாங்கலாம். கார்டு கணக்கில் தீர்த்த பிறகும் 41 ஆயிரம் பாக்கி காட்டியது. கடிதத்தை இணைத்துத் தகராறு மனுக் கொடுத்தோம். 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது, அதையும் மனுவில் எழுதினோம். 24ஆம் நாள் பூஜ்யம் ஆனது.

அந்த வருஷக் கட்டணத்தை நகைக் கடனில் கட்டினார்கள். நகைக் கடனுக்கு ஈடு கையிலேயே இருப்பதால் பழைய அறிக்கை பெரிய தடையாக வரவில்லை. போன மாதம் அண்ணாச்சி ஆபீசுக்கு வந்திருந்தார். கார்டில் தள்ளுபடி செய்த தொகையையும் முழுக்கக் கட்டினால் 'செட்டில்டு' என்பதை 'குளோஸ்டு' என்று மாற்றித் தருவார்களா என்று கேட்டார். மாற்றித் தரும் வங்கிகள் உண்டு, எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு கட்டுங்கள் என்றேன். அதே பள்ளிக்கூட நோட்டைத்தான் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அதாலத் தவணையில் இருபத்தெட்டு கட்டியாயிற்று என்று கடைசிப் பக்கத்தில் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தார்.